ஒரு பெட்டி மூடியை முன்வைத்து: கோர், கேவிட்டி, ஷட்-ஆஃப், எஜெக்டர் பின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்திப் பாகங்களை வார்க்கும் எஃகு அச்சை வடிவமைப்பது பற்றியவை இந்தக் கேள்விகள். கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பொருளை உதாரணமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். சிறிய மின்கருவி ஒன்றின் மேல்மூடி அது. நீளம் 120 மி.மீ, அகலம் 80, உயரம் 30. சுவர்களும் கூரையும் 2.5 மி.மீ தடிமன். பொருள் ஏபிஎஸ் பிளாஸ்டிக். கவிழ்த்து வைத்த பெட்டியைப் போல இருக்கும். கூரையில் பொத்தானுக்காக 10 மி.மீ விட்டத்தில் ஒரு துளை உண்டு. குறுகிய பக்கச் சுவர் ஒன்றில், கேபிள் நுழைவதற்காக விளிம்பிலிருந்து மேலேறும் ஒரு வெட்டு உண்டு. உள்ளே கூரையிலிருந்து இரண்டு கொக்கிகளும், திருகு ஏறும் இரண்டு குமிழ்களும் தொங்குகின்றன. மென்பொருள் சாலிட்வொர்க்ஸ். வேறு மென்பொருளில் கட்டளைகளின் பெயர்கள் மாறும், எஃகு செய்யும் வேலை மாறாது.

எது கோர், எது கேவிட்டி? மென்பொருள் காட்டுவதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

மென்பொருளுக்கு மேல், கீழ் என்ற திசை மட்டுமே தெரியும். எந்தப் பக்கம் வாங்குபவரின் கண்ணில் படும், எந்தப் பக்கத்தை உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது இறுகப் பற்றும் என்பது தெரியாது. நம் மூடியின் வெளிமுகத்தை உருவாக்குவது கேவிட்டி. அது எந்திரத்தின் நிலையான பாதியில் இருக்கும். உட்புறத்தை உருவாக்கும் மேட்டுப்பகுதி கோர். அது நகரும் பாதியில், எஜெக்டர் தட்டுகளோடு சேர்ந்து இருக்கும். பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கி உள்ளே இருக்கும் எஃகைப் பிடித்துக்கொள்ளும். அதனால் அச்சு திறக்கும்போது மூடி கோரோடு வரும், பின்கள் அதைத் தள்ளிவிடும். இந்த ஏற்பாடு குலையாமல் பார்த்துக்கொள்வதுதான் இனி வரும் முடிவுகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

பாகத்தின் மாடல் கைக்கு வந்தவுடன் பார்ட்டிங் லைன் போட்டுவிடலாமா?

வேண்டாம். அச்சின் இரண்டு பாதிகளும் பிரியும் கோடு அது. அதைப் போடுவதற்கு முன் இரண்டு வேலைகள் இருக்கின்றன.

முதலாவது சுருக்கம். ஏபிஎஸ் பொதுவாக 0.4 முதல் 0.7 சதவீதம் வரை சுருங்கும். பொருளைத் தரும் நிறுவனத்தின் தரவுத்தாளில் உள்ள எண்ணையே எடுங்கள். 0.5 சதவீதம் என்றால் `Scale` கட்டளையில் 1.005 கொடுக்க வேண்டும். அப்போது 120 மி.மீ நீளம் அச்சில் 120.6 ஆகும். இதை மையப்புள்ளியை வைத்துச் செய்யாமல் ஆதிப்புள்ளியை வைத்துச் செய்வது என் வழக்கம். பிறகு அச்சின் அடித்தளத்தோடு பொருத்தும்போது அளவுகள் நகர்ந்துபோகாது.

இரண்டாவது `Draft Analysis`. பச்சை ஒரு பக்கம், சிவப்பு மறுபக்கம். மஞ்சள் நிறத்தில் நிற்கும் முகங்களுக்குப் போதிய டிராஃப்ட், அதாவது அச்சிலிருந்து எளிதில் விடுபடுவதற்கான சரிவு, இல்லை என்று பொருள். மஞ்சள் ஒன்றுகூட இல்லாத வரைக்கும் அடுத்த படிக்குப் போகாதீர்கள். அந்த முகம் கோருக்கா கேவிட்டிக்கா என்பதை நீங்கள் தீர்மானிக்காவிட்டால், மென்பொருள் தீர்மானித்துவிடும். அது தவறாகத் தீர்மானித்தது பல நாட்கள் கழித்து, எஃகை வெட்டிய பிறகுதான் தெரியவரும்.

பார்ட்டிங் லைன் முழுமை என்கிறது, ஆனால் பிரிக்க முடியாது என்றும் சொல்கிறது. என் மாடலில் பிழையா?

திரையில் வரும் வாசகம் இதுதானே: `The parting line is complete, but the mold cannot be separated into core and cavity. You may need to create shut-off surfaces.` பிழை எதுவும் இல்லை. மூடியின் விளிம்பைச் சுற்றி வரும் கோடு மூடிவிட்டது. ஆனால் கூரையில் துளை இருக்கிறது. அந்தத் துளை வழியாகப் பார்த்தால் கேவிட்டி முகங்களும் கோர் முகங்களும் இன்னும் ஒன்றோடொன்று தொடர்ந்தே இருக்கின்றன. ஒரு பானையின் வாயை மூடிவிட்டு அடியில் ஓட்டையை விட்டதுபோல.

அந்த ஓட்டையை அடைக்கும் பரப்புதான் ஷட்-ஆஃப். பெயரைக் கேட்டால் திரையில் மட்டும் இருக்கும் பரப்பு போலத் தோன்றும். உண்மையான அச்சில் அது இரண்டு எஃகுத் துண்டுகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இடம். அந்த இடத்தில் பிளாஸ்டிக் புகக் கூடாது. புகாததால்தான் அங்கே துளை உண்டாகிறது. அதனால் ஷட்-ஆஃப் போடும்போது, எஃகும் எஃகும் எங்கே தொட வேண்டும், எந்தக் கோணத்தில் தொட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பொத்தான் துளையை மேல் விளிம்பில் அடைப்பதா, கீழ் விளிம்பில் அடைப்பதா? எங்கே போட்டாலும் திரையில் சரியாகவே இருக்கிறது.

திரையில் வேறுபாடு தெரியாது, கையில் தெரியும். எஃகும் எஃகும் சந்திக்கும் கோட்டில்தான் என்றைக்காவது பிளாஸ்டிக் கசிந்து பிசிறு வரும். வெளி விளிம்பில் அடைத்தால் அந்தப் பிசிறு விரல் படும் இடத்தில் இருக்கும். உள் விளிம்பில் அடைத்தால் கூரைக்குக் கீழே மறைந்திருக்கும். இந்த மூடியில் நான் உள் விளிம்பையே எடுப்பேன்.

அப்படிச் செய்தால் துளையின் உட்சுவர் கேவிட்டியின் பங்காகிறது. கேவிட்டியிலிருந்து 2.5 மி.மீ நீளும் ஒரு சிறு எஃகுக் குமிழ் வந்து கோரின் மேல்தளத்தைத் தொட்டு நிற்கும். ஆகவே துளையின் டிராஃப்ட் வெளிப்பக்கம் விரிய வேண்டும். 2.5 மி.மீ ஆழத்துக்கு 1 டிகிரி என்றால் ஒரு பக்கத்துக்கு 0.04 மி.மீதான். பாகத்தை வடிவமைத்தவர் அதைக் கவனிக்கவே மாட்டார், அச்சுக்கு அது போதும். தொடுதல் தட்டையாக, நேருக்கு நேராக இருப்பதால் இங்கே உரசல் கிடையாது. `Shut-off Surfaces` தானாகப் போடும் `Contact` வகை அடைப்பே இந்தத் துளைக்குப் போதுமானது.

கேபிள் வெட்டுக்கும் ஷட்-ஆஃப் வேண்டாமா?

அது நாலாபுறமும் மூடிய துளை அல்ல, விளிம்பில் திறந்திருக்கும் வெட்டு. அதனால் பார்ட்டிங் லைனே அந்த இடத்தில் ஏறி இறங்க வேண்டும். சுவரின் அந்த இடைவெளியைக் கோர் பக்கத்திலிருந்து எழும் எஃகு அடைக்கும்.

கவனிக்க வேண்டியது வெட்டின் இரு பக்கங்களை. வரைபடத்தில் அவை செங்குத்தாக வந்திருக்கும். வெட்டின் உயரம் 8 மி.மீ, மேலே அகலம் 12 என்று கொள்ளுங்கள். பக்கத்துக்கு 5 டிகிரி கொடுத்தால் 0.7 மி.மீ விரியும், விளிம்பில் அகலம் 13.4 ஆகும். பாகத்தை வடிவமைத்தவரிடம் இதைக் கேட்டுப் பெறுங்கள். கேபிளுக்கு அதனால் எந்தக் குறையும் இல்லை. இதுவே நாற்புறமும் மூடிய சன்னலாகச் சுவரில் இருந்தால் பக்கவாட்டில் நகரும் எஃகான ஸ்லைடர் தேவைப்பட்டிருக்கும், அச்சின் விலையும் வேறாகியிருக்கும்.

ஏன் 5 டிகிரி? பாகத்தின் சுவருக்கு 1 டிகிரி போதும் என்கிறபோது எஃகுக்கும் எஃகுக்கும் நடுவே ஏன் இவ்வளவு?

சரிவாக உரசி அடையும் ஷட்-ஆஃபில் கோணம்தான் ஆயுளைத் தீர்மானிக்கிறது. கணக்கு எளிது. அச்சு 1 மி.மீ திறந்ததும் இரு முகங்களுக்கும் இடையே எவ்வளவு விலகல் உண்டாகிறது என்று பாருங்கள். 1 டிகிரியில் 0.017 மி.மீ, 5 டிகிரியில் 0.087. வழிகாட்டும் தூண்களில் 0.02 மி.மீ ஆட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 1 டிகிரி முகங்கள் கடைசி 1.15 மி.மீ தூரம் உரசிக்கொண்டே மூடும். 5 டிகிரியில் அந்த உரசல் கடைசி 0.23 மி.மீட்டரில் முடிந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் திறக்கும்போது ஒரு முறை, மூடும்போது ஒரு முறை. லட்சம் சுற்றுகளுக்குப் பிறகு எது மிஞ்சும் என்பது இதிலேயே தெரிகிறது.

இதே எண் இன்னொரு விதத்திலும் உதவுகிறது. ஷட்-ஆஃப் முகங்களுக்கு நடுவே 0.02 மி.மீ இடைவெளி இருப்பதாகச் சோதனையில் தெரிகிறது. 5 டிகிரி என்றால், அந்த முகத்தைத் தாங்கும் தனி எஃகுத் துண்டான இன்செர்ட்டின் அடியில் 0.23 மி.மீ தகடு வைத்து உயர்த்தி, முனையில் அதே அளவு அரைத்தால் இடைவெளி மூடிவிடும். 1 டிகிரி என்றால் 1.15 மி.மீ உயர்த்த வேண்டும். வெல்டிங் செய்து மறுபடி வெட்டுவதைத் தவிர அங்கே வேறு வழி இருக்காது.

3 டிகிரியைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இறங்கச் சொன்னால் எதிர்த்துப் பேசுங்கள்.

உள்ளே கொக்கி இருக்கிறது. அதற்கு லிஃப்டர் போடாமல் முடியாதா?

லிஃப்டர் என்பது மூடியைத் தள்ளும்போது சாய்வாக நகர்ந்து கொக்கியிலிருந்து விலகும் எஃகு. அது இல்லாமலும் முடியும், கூரையில் ஒரு சிறு சன்னலை அனுமதித்தால். இந்த மூடியில் மிகவும் யோசித்துச் செய்ய வேண்டிய இடம் இதுதான். அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கொக்கியின் கை கூரையிலிருந்து 15 மி.மீ கீழே இறங்குகிறது. நுனியில் 1.2 மி.மீ நீண்டிருக்கும் தலை. தலையின் மேல் படி கூரையைப் பார்த்து நிற்கிறது. அந்தப் படியை உருவாக்கும் எஃகு கோரில் இருந்தால், கோர் கீழே இறங்கும்போது தலை அதில் மாட்டிக்கொள்ளும். ஆகவே அந்த எஃகு மேலிருந்து வர வேண்டும். கொக்கித் தலைக்கு நேர் மேலே கூரையில் ஒரு சன்னல் வெட்டினால், கேவிட்டியிலிருந்து ஒரு மெல்லிய எஃகுத் தூண் அதன் வழியே இறங்கிப் படியைத் தொடும். அச்சு திறக்கும்போது தூண் மேலே போகும், கோர் கீழே போகும், கொக்கி எதிலும் மாட்டாது.

இப்போது தூணின் அளவு. அதன் ஒரு முகம் கொக்கியின் கையைத் தொட்டு, கையின் அந்தப் பக்கத்தை உருவாக்குகிறது. மற்ற மூன்று முகங்களும் கோர் எஃகோடு சரிவாக உரசி அடைகின்றன. அவற்றுக்கு 5 டிகிரி வேண்டும்:

```
15 × tan 5° = 1.31 மி.மீ (ஒரு பக்கத்துக்கு)
அகலம்: 6 + 2 × 1.31 = 8.6 மி.மீ
ஆழம்: 3 + 1.31 + 0.26 = 4.6 மி.மீ
```

முதல் அகலமான 6 மி.மீ கொக்கித் தலையின் அகலம். இரண்டாவது கணக்கில் 3 எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம், தலை நீண்டிருப்பது 1.2தானே. தூணின் நுனியை 1.2 மி.மீ தடிமனில் விட்டால், 15 மி.மீ நீளத்துக்கு அது தகடு போல இருக்கும். உள்ளே பாயும் பிளாஸ்டிக்கின் அழுத்தத்தில் வளையும், ஒரு நாள் முறியும். அதனால் நுனியைப் படியின் விளிம்பைத் தாண்டி 3 மி.மீ வரைக்கும் நீட்டியிருக்கிறேன். தாண்டிய 1.8 மி.மீ பகுதி கோர் எஃகைத் தட்டையாகத் தொட்டு நிற்கும், தூணுக்கு அங்கே ஒரு தாங்கலும் கிடைக்கும். 0.26 என்பது கையின் முகத்துக்குக் கொடுத்த 1 டிகிரி.

சன்னல் 8.6 அகலம், கையோ 6 அகலம் என்றால் வேரில் தூண் கையைவிட அகலமாகி, இரு ஓரங்களிலும் 1 டிகிரி சரிவில் கோரை உரசும். அதைத் தவிர்க்க, கையையே நுனியில் 6, வேரில் 8.6 என்று விரித்துவிடுங்கள். கோர் பக்கம் அது நல்ல டிராஃப்ட்டாக அமையும். வளையும் கொக்கிக்கு வேர் அகன்றிருப்பதும் நல்லது.

இவ்வளவையும் பாகத்தின் வடிவமைப்பாளர் ஒப்புக்கொள்ள வேண்டும். கூரையில் 8.6 க்கு 4.6 அளவில் இரண்டு சன்னல்கள் கண்ணில் படும். அது கூடாது என்றால் லிஃப்டர்தான். அதற்கான செலவையும் பராமரிப்பையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அந்தக் கொக்கிச் சன்னலுக்குத் தானியங்கி ஷட்-ஆஃப் கோணல்மாணலாக வருகிறது. எப்படிச் சரிசெய்வது?

அங்கே அடைக்க வேண்டிய வளையம் ஒரே தளத்தில் இல்லை. கூரையின் கீழ் விளிம்பில் மூன்று பக்கம் போய், கையின் இரு ஓரங்கள் வழியே 15 மி.மீ இறங்கி, கொக்கித் தலையின் படியைச் சுற்றி வருகிறது. இப்படிப்பட்ட வளையத்தின் மேல் ஒரே பரப்பை இழுத்துப் போர்த்தினால் முறுக்கிக்கொள்ளும். சில இடங்களில் டிராஃப்ட் பூச்சியமாகவும் ஆகிவிடும்.

வளையத்தைத் தேர்ந்தெடுத்து `No Fill` கொடுங்கள். பிறகு கையால் கட்டுங்கள். படியின் மட்டத்தில், அதன் விளிம்பைத் தாண்டிய பகுதிக்கு 6 க்கு 1.8 அளவில் ஒரு `Planar Surface`. சன்னலின் மூன்று விளிம்புகளிலிருந்து கீழே, `Ruled Surface` கட்டளையின் `Tapered to Vector` வகையில், திறக்கும் திசையை வைத்து 5 டிகிரிச் சரிவுகள். ஒன்றையொன்று வெட்டிச் சீராக்கி, `Knit Surface` மூலம் தையுங்கள். தைத்த பரப்பின் ஒரு பிரதி `Cavity Surface Bodies` கோப்புறையிலும் இன்னொன்று `Core Surface Bodies` கோப்புறையிலும் இருக்க வேண்டும். பிரதி எடுக்க `Offset Surface` கட்டளையில் 0 கொடுத்தால் போதும். இந்தப் பிரதியை மறந்துவிட்டு அரைநாள் தேடியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

`Tooling Split` தோல்வியடைகிறது. எங்கே தேடுவது?

மூன்று இடங்களில் பாருங்கள். பார்ட்டிங் பரப்பு, வெட்டப்போகும் கட்டையின் வெளிக்கோட்டைத் தாண்டி நாலாபுறமும் நீண்டிருக்கிறதா? இல்லையென்றால் கட்டை இரண்டாகப் பிரியாது. பரப்புகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளி இருக்கிறதா? `Knit Surface` கட்டளையில் இடைவெளிகளைக் காட்டும் பட்டியலில் அது தெரியும். மேலே சொன்ன கையால் கட்டிய பரப்பு இரண்டு கோப்புறைகளிலும் இருக்கிறதா?

பிரிந்த பிறகும் நம்பிவிடாதீர்கள். கோரின் கன அளவு, கேவிட்டியின் கன அளவு, மூடியின் கன அளவு மூன்றையும் கூட்டினால் முழுக்கட்டையின் கன அளவு வர வேண்டும். வராவிட்டால் எங்கோ எஃகு ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கிறது, அல்லது வெற்றிடம் விழுந்திருக்கிறது. ஐந்து நிமிட வேலை இது.

சரியென்றானதும், இரண்டு கொக்கித் தூண்களையும் `Core` கட்டளையால் கேவிட்டியிலிருந்து தனி இன்செர்ட்டுகளாகப் பிரித்துவிடுங்கள். கேவிட்டிக் கட்டை பி20 எஃகில் இருந்தாலும், தூண்கள் கடினமாக்கிய எச்13 எஃகில் இருக்கட்டும். ஒரே கடினத்தன்மையுள்ள இரண்டு முகங்கள் உரசினால் ஒன்றையொன்று பிராண்டும். தூண் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றவும் முடியும்.

எஜெக்டர் பின்களை எங்கே வைப்பது? கூரையின் நடுவில் சமமாகப் பரப்பினால் போதாதா?

மூடி கோரைப் பிடித்திருப்பது எங்கே என்று முதலில் பாருங்கள். கூரையின் நடுப்பகுதி கோரின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. பிடிப்பு முழுக்க 30 மி.மீ உயரச் சுவர்களிலும், அதிலும் மூலைகளிலும், குமிழ்களிலும், கொக்கியின் கைகள் இறங்கும் குழிகளிலும் இருக்கிறது. நடுவில் தள்ளினால் 2.5 மி.மீ கூரை மேல்நோக்கி வளையும், சுவர்கள் அசையாது. ஏபிஎஸ்ஸில் அதன் அடையாளம் வெளிமுகத்தில் வெள்ளை வட்டமாகத் தெரியும்.

இந்த மூடிக்கு நான் 5 மி.மீ விட்டத்தில் எட்டுப் பின்கள் வைப்பேன். நான்கு மூலைகளில் நான்கு. பின்னின் மையம் உட்சுவரிலிருந்து 6 மி.மீ தள்ளியிருக்கும். அப்படியானால் துளைக்கும் கோரின் ஓரத்துக்கும் நடுவே 3.5 மி.மீ எஃகு மிஞ்சும். நீளச் சுவர்களின் நடுவில் பக்கத்துக்கு ஒன்று. மீதி இரண்டும் கொக்கிகளின் பின்புறத்தில், கையின் குழிக்கு 3 மி.மீ எஃகு விட்டு. இரண்டு குமிழ்களுக்கும் வைப்பது பின் அல்ல, குழாய் வடிவச் சிலீவ் எஜெக்டர். குமிழின் வளைய முனை முழுவதையும் அது ஒரே சீராகத் தள்ளும். குமிழின் ஆழத்தில் சிக்கும் காற்றும் அதன் இடுக்கு வழியே வெளியேறும்.

சுவரின் விளிம்பிலேயே பின் வைத்துத் தள்ளுவதுதான் இயற்கையானது என்று தோன்றும். 2.5 மி.மீ விளிம்பில் பிசகாமல் நிற்க வேண்டுமானால் பின் 2 மி.மீக்கு மேல் போக முடியாது. அவ்வளவு மெல்லிய நீளமான பின் வளையும். வேறு வழியில்லாதபோது, அடியில் தடித்தும் நுனியில் மெலிந்தும் இருக்கும் படிப் பின்னைப் பயன்படுத்துங்கள்.

நீர்த்தடங்களையும் பின்களையும் ஒரே நேரத்தில் வரையுங்கள். பின்களை முடித்துவிட்டு நீருக்கு இடம் தேடுபவர்கள் கோரின் நடுப்பகுதியைக் குளிர்விக்க முடியாமல் தவிப்பார்கள். துளைக்கும் நீர்த்தடத்துக்கும் நடுவே 4 மி.மீ எஃகாவது இருக்கட்டும்.

பின்னின் நுனி கோர் தளத்தோடு சமமாக இருக்க வேண்டுமா?

0.05 மி.மீ முதல் 0.1 மி.மீ வரை மேலே நிற்கலாம். அப்போது மூடியின் உட்புறத்தில் மெல்லிய பள்ளம் விழும். பின் தாழ்ந்திருந்தால் அங்கே மேடு உண்டாகும். சர்க்யூட் பலகை வந்து உட்காரும் இடத்தில் அந்த மேடு தொந்தரவு தரும்.

துளையில், நுனியிலிருந்து 12 முதல் 15 மி.மீ வரைக்கும்தான் இறுக்கமான பொருத்தம். அதற்குக் கீழே 6 மி.மீ விட்டத்துக்குப் பெரிதாக்கிவிடுங்கள், இல்லையென்றால் பின் பிடித்துக்கொள்ளும். சரிவான தளத்தில் பின் வர நேர்ந்தால், நுனியையும் அதே சரிவில் வெட்டி, அது சுழலாதபடி தலையில் ஒரு பக்கம் தட்டையாக்கிப் பூட்ட வேண்டும்.

தள்ளும் தூரம்: கோரின் உயரம் ஏறக்குறைய 30, அதற்கு மேல் 5 முதல் 10 மி.மீ. நான் 40 வைப்பேன்.

ஷட்-ஆஃப் இருக்கும் இடத்தில் பின் வரலாமா? எனக்கு வேறு இடமே இல்லை.

வரக் கூடாது. அங்கே பின்னுக்கு மேலே பிளாஸ்டிக் இல்லை, கேவிட்டியின் எஃகு இருக்கிறது. மேலே சொன்னபடி நுனி 0.05 மி.மீ உயர்ந்து நின்றால், ஒவ்வொரு முறை மூடும்போதும் கேவிட்டியைக் குத்தும். எஜெக்டர் தட்டு முழுமையாகத் திரும்பாத ஒரு சுற்றில் அது மெல்லிய தூணையே முறித்துவிடும். பின்னின் ஓரம் ஷட்-ஆஃப் தொடும் பரப்பிலிருந்து 2 மி.மீ தள்ளியிருக்க வேண்டும்.

இதற்காகத்தான் ஷட்-ஆஃப்களையும் பின்களையும் ஒரே தாளில் வரைந்து பார்க்கச் சொல்கிறேன். கோரின் மேல்பார்வையை எடுங்கள். தொடும் பரப்புகளை ஒரு நிறத்தில் பூசுங்கள். மிஞ்சிய வெள்ளையில்தான் பின்கள். வெள்ளை போதவில்லை என்றால் கொக்கியை நகர்த்தச் சொல்லிக் கேட்பதற்கு அதுதான் நேரம், எஃகு வாங்குவதற்கு முன்பு.

முதல் சோதனையில் பிசிறு வருகிறது. ஷட்-ஆஃப் காரணமா, எந்திரம் காரணமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பிசிறு வரும் இடமே பதில் சொல்லும். துளையின் ஓரத்திலோ கொக்கிச் சன்னலின் ஓரத்திலோ மட்டும் வந்தால், அந்த ஷட்-ஆஃப் தொடவில்லை. முதல் நாள் இல்லாமல் பல ஆயிரம் சுற்றுகளுக்குப் பிறகு அங்கே தோன்றி வளர்ந்தால், தேய்மானம். எஃகு முகத்தில் திறக்கும் திசையில் கோடு கோடாகப் பளபளப்பு இருந்தால், கோணம் போதவில்லை.

ஆனால் மூடியின் வெளி விளிம்பைச் சுற்றி வந்து, சன்னல் ஓரங்கள் மட்டும் சுத்தமாக இருந்தால்? பலரும் எந்திரம் அச்சை மூடி அழுத்தும் டன் அளவைக் கூட்டச் சொல்வார்கள். என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் வரைந்த ஓர் அச்சில் இப்படித்தான் வந்தது. இரண்டு நாட்கள் அழுத்தத்தை மாற்றினோம், வெப்பத்தை மாற்றினோம், பெரிய எந்திரத்திலும் ஏற்றிப் பார்த்தோம். கடைசியில் டூல் ரூமில் இருந்த மூத்த பிட்டர் ஒருவர் அச்சை இறக்கி, முகங்களில் நீல மை தடவி மூடித் திறந்தார். நீலம் கொக்கித் தூண்களின் நுனி எதிரே மட்டும் ஒட்டியிருந்தது. பார்ட்டிங் தளத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. தூண்கள் 0.06 மி.மீ நீண்டிருந்தன. அந்த இரண்டு நுனிகளும் முழு அச்சையும் தாங்கி நிறுத்தி, சுற்றிலும் 0.06 மி.மீ திறப்பை உண்டாக்கியிருக்கின்றன. ஏபிஎஸ்ஸுக்குக் காற்று வெளியேறும் தடத்தையே 0.03 மி.மீ ஆழத்தில் வெட்டுகிறோம். அதைப்போல இருமடங்கு திறப்பில் பிளாஸ்டிக் வெளியே வராமல் இருக்குமா? நீலம் நுனிகளின் எதிரேயும் பார்ட்டிங் தளத்திலும் சமமாக ஒட்டும்வரை நுனிகளை அரைத்தோம், பிசிறு நின்றது.

அந்தத் தவறு என்னுடையது. தூணின் நுனிக்கு வரைபடத்தில் நான் எந்த அளவு வரம்பும் கொடுக்கவில்லை. இப்போதெல்லாம் ஷட்-ஆஃப் நுனிக்கு 0.02 மி.மீ வரை கூடுதல், குறைவு 0 என்று எழுதிவிடுகிறேன். பிட்டர் நீலம் பார்த்து அரைப்பதற்கு அவ்வளவு எஃகு போதும். நைலான் போலத் தண்ணீராக ஓடும் பொருள் என்றால் அந்த 0.02 மி.மீயைக்கூட நீலம் பார்த்தே தீர்க்க வேண்டும்.

மூடி கோரில் ஒட்டாமல் கேவிட்டியிலேயே தங்கிவிடுகிறது. பின்களைக் கூட்டினால் சரியாகுமா?

பின்கள் இருப்பது கோர் பக்கத்தில். கேவிட்டியில் தங்கிய மூடியை அவற்றால் தொடவே முடியாது. இந்த வடிவத்தில் எனக்கு முதல் சந்தேகம் கேவிட்டி பக்கம் நாம் சேர்த்த எஃகின் மேல்தான்: துளையின் குமிழ், இரண்டு தூண்கள். அவற்றில் பிளாஸ்டிக்கைத் தொடும் முகங்களின் டிராஃப்ட் சரியாக வெட்டப்பட்டிருக்கிறதா, மெருகு திறக்கும் திசையில் போடப்பட்டிருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். குறுக்கே போட்ட மெருகின் கோடுகளே மூடியைப் பிடித்துக்கொள்ளப் போதும்.

எஃகில் குறை இல்லையென்றால் அழுத்திப் பிடிக்கும் நேரத்தையும் அழுத்தத்தையும் குறைத்துப் பாருங்கள். அளவுக்கு மீறி நிரப்பிய மூடி சுருங்காது, சுருங்காத மூடி கோரைப் பிடிக்காது. அதற்கும் மசியாவிட்டால், கோரின் பக்கச் சுவர்களில் விளிம்புக்கு அருகே 0.1 மி.மீ ஆழத்தில் நாலைந்து சிறு பள்ளங்களை வெட்டலாம். மூடியின் உட்சுவரில் அவை மெல்லிய மேடுகளாக விழுந்து, திறக்கும்போது மூடியைக் கோரோடு இழுத்துவரும். பின்கள் தள்ளும்போது எளிதில் நழுவியும் விடும். அடுத்த அச்சிலோ, கேவிட்டி பக்கச் சுவருக்கு 1.5 டிகிரியும் கோர் பக்கத்துக்கு 0.5 டிகிரியும் கொடுத்து வரைந்துவிடுங்கள்; 30 மி.மீ உயரத்தில் சுவரின் தடிமன் 0.5 மி.மீ மாறும், அதைப் பாகத்தின் வடிவமைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.